மருந்து விளக்கத் தாளைப் படியெடுப்பது எப்படி: மடிப்பில் மாட்டிய வினைச்சொல்

மருந்துப் பெட்டியைத் திறந்தால் மாத்திரை அட்டைக்கோ இன்ஹேலருக்கோ பக்கத்தில் ஒரு மெல்லிய தாள் பல மடிப்பாக மடிந்து கிடக்கும். பிரித்தால் மேசையில் பாதியை மறைக்கும். அதில் உள்ள எழுத்தை அப்படியே கணினியில் தட்டச்சு செய்து, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் வயதானவர்களும் பெரிய எழுத்தில் படிக்கவோ குரல் மென்பொருளில் கேட்கவோ வசதியாக ஆக்கித் தருவதைத்தான் இங்கே படியெடுத்தல் என்கிறேன். சுருக்கி எழுதுவது இதில் சேராது. மொழிபெயர்ப்பும் சேராது. தாளில் இருப்பது, இருக்கும் வரிசையில், இருக்கும் பொருளோடு திரைக்கு வர வேண்டும்.

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான மாத்திரைகளின் விளக்கத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். ஆனால் நோயாளியே கையாள வேண்டிய இன்ஹேலர், இன்சுலின் பேனா போன்றவற்றில் ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் இந்திய மொழிகளும் அச்சிட்ட தாள்களைப் பார்க்கலாம். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட தமிழ்ப் பக்கத்தைப் பற்றியது. ஆங்கிலத் தாளில் நேராத சில விபத்துகள் தமிழ்த் தாளில் நேரும். காரணம் எளிது. 'செய்', 'செய்யாதே' என்பதை நம் மொழி வாக்கியத்தின் கடைசியில்தான் சொல்கிறது. அந்தக் கடைசிச் சொல் மடிப்பில் விழுந்தாலோ வலப்புறம் நிற்கும் அடுத்த பத்திக்குத் தாவிவிட்டாலோ, அதற்கு முன் வரும் நாலைந்து வரிகளும் பொருள் மாறிப்போகும்.

எடுத்துக்காட்டாக, மூச்சுத் திணறலுக்குப் பயன்படும் சால்பியூட்டமால் இன்ஹேலரின் தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்காக, சேலத்தில் இருக்கும் அவர் மகள் படியெடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் தரும் வரிகள் இந்த வகை மருந்துத் தாள்களில் பொதுவாகக் காணப்படும் செய்திகளை வைத்து விளக்கத்துக்காக எழுதியவை. மருந்து எடுப்பதற்கு உங்கள் பெட்டியில் உள்ள தாளையும் மருத்துவர் சொன்னதையும் மட்டுமே பாருங்கள்.

தட்டச்சுக்கு முன் தாளைப் பழகுதல்

இந்தத் தாள்கள் மிக மெல்லியவை. நகல் எடுக்கும் கடையில் போடும் சாதாரணத் தாள் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் எடை இருக்கும். விளக்கத் தாள் பெரும்பாலும் 40 முதல் 60 கிராம்தான். அதனால் இரண்டு தொல்லைகள். ஒன்று, மறுபக்க எழுத்து நிழலாகத் தெரியும். ஆங்கிலப் பக்கத்தின் ஒரு கோடு தமிழ் எழுத்தின் தலையில் வந்து உட்கார்ந்தால் மெய்யெழுத்துப் புள்ளி போலவே இருக்கும். இதற்கு மருந்து எளியது: தாளுக்கு அடியில் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். தாளை ஊடுருவிப் போகும் வெளிச்சம் வெள்ளை மேசையில் பட்டுத் திரும்பும்போதுதான் பின்பக்க எழுத்து துலங்குகிறது. கறுப்பில் அந்த வெளிச்சம் திரும்பாது.

இரண்டாவது தொல்லை, ஈரம். ஏற்காட்டில் மூடுபனிக் காலத்தில் வீட்டுக்குள் வைத்த தாளே நமுத்துச் சுருளும். அந்த நிலையில் பிரித்து நீவினால் மடிப்பில் தாள் கிழியும், மை உதிரும். உலர்ந்த இடத்தில் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை ஏற்றி ஓர் இரவு விட்டால் போதும். இஸ்திரிப் பெட்டியை எடுக்க வேண்டாம். மடிப்பை எதிர்ப்பக்கமாக மடித்து நேராக்கும் பழக்கமும் கூடாது. ஏற்கனவே விரிசல் விட்ட மை அந்த ஒரு மடக்கிலேயே கொட்டிவிடும்.

தாள் படிந்த பிறகு மடிப்புகளைக் கவனியுங்கள். ஆலை இயந்திரம் போட்ட மடிப்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக, சம இடைவெளியில் இருக்கும். சட்டைப் பையில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் பஸ்ஸில் இறங்கி வந்த மடிப்பு அப்படி இராது. குறுக்கும் மறுக்குமாக, ஓரங்களில் வேர்வைக் கறையோடு இருக்கும். இந்த வேறுபாடு தெரிந்திருப்பது பின்னால் உதவும். ஒரு சொல் படிக்க முடியாமல் போனால் இன்னொரு புதிய பெட்டியின் தாளைக் கடையில் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றும். சட்டைப் பை மடிப்பில் அழிந்த சொல் அதில் தெளிவாகக் கிடைக்கும். ஆலை மடிப்பில் அழிந்த சொல் கிடைக்கும் என்று உறுதியில்லை, ஏனென்றால் எல்லாத் தாள்களும் அதே இடத்தில்தான் மடிகின்றன. ஆனாலும் மை உதிர்வது தாளுக்குத் தாள் சற்று மாறும் என்பதால் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

வெளிச்சத்தின் திசையும் முக்கியம். மடிப்புக்குக் குறுக்கே விளக்கு இருந்தால் மடிப்பின் ஒரு சரிவு பளிச்சென்றும் மறு சரிவு இருட்டாகவும் இருக்கும். விளக்கை மடிப்பு ஓடும் திசையிலேயே, அதாவது கோட்டின் ஒரு முனையில் வைத்தால் நிழல் விழ இடமே இல்லை. கிடைமட்ட மடிப்பைப் படிக்கும்போது விளக்கு பக்கவாட்டிலும், செங்குத்து மடிப்பைப் படிக்கும்போது விளக்கு தாளின் தலைப்பக்கத்திலும் இருக்க வேண்டும். விளக்கை நகர்த்துவது கடினமாக இருந்தால் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

மடிப்பு எல்லைக்கோடு ஆகாது

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலோர் மடிப்புக் கோட்டைப் பத்தியின் எல்லையாக எடுத்துக்கொள்கிறார்கள். தாளை அச்சிடுபவர் பத்திகளைப் பிரிப்பது ஒரு கணக்கில், மடிப்பவர் மடிப்பது பெட்டியின் அளவுக்கு ஏற்ற வேறொரு கணக்கில். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நம் எடுத்துக்காட்டுத் தாளின் தமிழ்ப் பக்கத்தில் இரண்டு பத்திகள். செங்குத்து மடிப்பு வலது பத்தியின் நட்டநடுவே ஓடுகிறது. கிடைமட்ட மடிப்புகள் மூன்றும் வரிகளின் மேலேயே ஓடுகின்றன.

ஆகவே முதல் வேலை, வெறும் வரைபடம். ஒரு நோட்டுத் தாளில் பெரிய செவ்வகம் போட்டு, பத்திகளின் உண்மையான எல்லையை வரையுங்கள். பத்திகளுக்கு இடையே மேலிருந்து கீழ்வரை எழுத்தே இல்லாத ஒரு வெள்ளைச் சந்து இருக்கும். அதுதான் எல்லை. மடிப்பை வேறு நிறத்தில் வரையுங்கள். பிறகு தடித்த தலைப்புகளை மட்டும் அவை இருக்கும் இடத்தில் எழுதி, வாசிக்க வேண்டிய வரிசையில் எண் இடுங்கள். இடது பத்தியின் அடியில் தலைப்பு தனியாக நின்று, அதன் செய்தி வலது பத்தியின் தலையில் தொடங்குகிறதா என்று இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

தடித்த எழுத்து எல்லாமே தலைப்பு ஆகிவிடாது. தனி வரியில் நின்று, அடுத்து வரும் பாராவுக்குப் பெயர் சூட்டினால் அது தலைப்பு. வாக்கியத்தின் நடுவே அழுத்தம் கொடுப்பதற்காகத் தடித்திருந்தால் அது வெறும் அழுத்தம். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு மூன்றாவது வகை உண்டு: இடமில்லாததால் தலைப்பைத் தனி வரியில் போடாமல், அதே வரியில் செய்தியைத் தொடங்கியிருப்பார்கள். 'பெரியவர்கள்: தேவைப்படும்போது...' என்பது போல. அதைச் சிறு தலைப்பாகவே கொள்ளலாம்.

கோப்பில் இவற்றை எளிய குறிகளால் காட்டினால் போதும். பெரிய தலைப்புக்கு முன் `#`, துணைத் தலைப்புக்கு `##`, அழுத்தத்துக்கு இருபுறமும் `**`, பட்டியல் வரிக்கு முன் `-`. இந்தக் குறிகளை அறிந்த மென்பொருளில் கோப்பை வலைப்பக்கமாக மாற்றினால் அவை உண்மையான தலைப்பாகவும் பட்டியலாகவும் ஆகிவிடும். அப்போது `NVDA` போன்ற திரைவாசிப்பு மென்பொருளில் `H` விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். பெரியவர் 'எப்படிச் சேமிப்பது' என்ற பகுதிக்கு நேரே போக முடியும். தலைப்பைத் தடித்த எழுத்தாக மட்டும் விட்டுவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. காதுக்கு இன்னொரு வரி, அவ்வளவுதான்.

பட்டியலை மூடும் வரி

ஒரு சொல் ஏற்பாடு செய்துகொள்கிறேன். பட்டியல் வரிகளுக்கு முன் வரும் கறுப்பு உருண்டையைப் பொட்டு என்றும், மெய்யெழுத்தின் தலையில் வைப்பதைப் புள்ளி என்றும் சொல்கிறேன். இல்லாவிட்டால் குழம்பும்.

நம் தாளில் இடது பத்தியின் அடிப்பகுதி இப்படி முடிகிறது:

```
பயன்படுத்தும் முன்
உங்களுக்கு
• இதயத் துடிப்பு சீரற்று இருந்தால்
• தைராய்டு சுரப்பி மிகையாக
  வேலை செய்தால்
• சர்க்கரை நோய் இருந்தால்
```

வலது பத்தி இப்படித் தொடங்குகிறது:

```
மருத்துவரிடம் தெரிவிக்கவும்.
• இந்த மருந்தோ இதன் சேர்மானமோ
  ஒவ்வாமல் இருந்தால்
இதைப் பயன்படுத்தக் கூடாது.
```

வலது பத்தியின் முதல் வரி தாளின் மேல் ஓரத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் அதிகம் உரசுவதும் அந்த ஓரம்தான். 'மருத்துவரிடம் தெரிவிக்கவும்' என்ற அந்த வரி மங்கிப்போய், படியெடுப்பவர் அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று படித்துப் பாருங்கள். நான்கு பொட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். இதயத் துடிப்பு, தைராய்டு, சர்க்கரை நோய், ஒவ்வாமை எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு: 'பயன்படுத்தக் கூடாது.' சர்க்கரை நோயுள்ள பெரியவர் மூச்சுத் திணறும் நேரத்தில் இன்ஹேலரைத் தொடவே பயப்படுவார். தாள் அவரிடம் சொன்னது மருத்துவரிடம் தெரிவிக்கச் சொல்லித்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், தவறான படி வாசிக்கும்போது சற்றும் உறுத்தாது. இலக்கணம் சரியாக இருக்கும், பட்டியல் முழுமையாக இருக்கும், வாக்கியம் முற்றுப்புள்ளியில் முடியும். எழுத்துப் பிழை என்றால் கண்ணில் படும். ஒரு வரி முழுவதும் விழுந்துபோனால் அந்த இடத்தில் தழும்புகூட இராது.

ஆங்கிலத் தாளில் இதே பட்டியல் பெரும்பாலும் 'இவை இருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள்' என்ற கட்டளையோடு தொடங்கி, பிறகு பொட்டுகள் வரும். கட்டளை தலையில் இருப்பதால் அது தலைப்புக்கு அருகிலேயே இருந்து தப்பித்துக்கொள்ளும். தமிழில் பட்டியலைத் திறப்பது 'உங்களுக்கு' என்ற ஒரு சொல். கட்டளை பட்டியலுக்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே தமிழ்ப் பட்டியலைப் படியெடுக்கும்போது முதலில் அதை மூடும் வரி எங்கே இருக்கிறது என்று தேடி விரல் வைத்துக்கொண்டு, பிறகுதான் பொட்டுகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். மூடும் வரி கிடைக்கவில்லை என்றால் பட்டியல் இன்னும் முடியவில்லை என்று பொருள். அடுத்த பத்தியின் தலை, அடுத்த மடிப்பின் கீழ், சில நேரம் தாளின் மறுபக்கம்கூட அது போயிருக்கும்.

தட்டச்சிலும் ஒரு கண்ணி உண்டு. மூடும் வரியைக் கடைசிப் பொட்டோடு ஒட்டிவிடக் கூடாது. '- சர்க்கரை நோய் இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்கவும்' என்று எழுதினால், தெரிவிக்க வேண்டியது சர்க்கரை நோயை மட்டும்தான் என்று காதில் விழும். மேலே உள்ள இரண்டும் அந்தரத்தில் தொங்கும். பொட்டு இல்லாத தனி வரியாக, இடையே ஒரு வெற்று வரி விட்டு எழுதுங்கள்:

```
# பயன்படுத்தும் முன்

உங்களுக்கு

- இதயத் துடிப்பு சீரற்று இருந்தால்
- தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தால்
- சர்க்கரை நோய் இருந்தால்

மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

- இந்த மருந்தோ இதன் சேர்மானமோ ஒவ்வாமல் இருந்தால்

இதைப் பயன்படுத்தக் கூடாது.
```

இரண்டாவது பொட்டு வரி பத்தியின் அகலத்துக்காக உடைந்திருந்ததைப் படியில் சேர்த்துவிட்டோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். வரி முடிவுகளைக் காப்பாற்ற வேண்டியதில்லை. தமிழ் அச்சில் சொல்லையே நடுவில் வெட்டி, இணைப்புக்கோடு எதுவும் போடாமல் அடுத்த வரியில் தொடர்வதும் உண்டு. 'தெரிவிக்க' என்று ஒரு வரி முடிந்து, 'வும்' என்று அடுத்தது தொடங்கினால் அது ஒரே சொல். சேர்த்தே எழுதுங்கள். குரல் மென்பொருளுக்கு 'வும்' என்ற தனிச்சொல்லை என்ன செய்வதென்று தெரியாது.

மடிப்பின் மேல் விழுந்த வால்

அடுத்தது, ஒரே வரிக்குள் மடிப்பு ஓடும் இடங்கள். தமிழில் அனுமதியும் தடையும் பல நேரம் ஒன்றிரண்டு எழுத்தில்தான் பிரிகின்றன. 'வேண்டும்', 'வேண்டாம்'. 'கூடும்', 'கூடாது'. 'எடுக்கலாம்', 'எடுக்கலாகாது'. சொல்லின் தலை ஒன்றுபோலவே இருப்பதால், மடிப்பு வாலைத் தின்றுவிட்டால் கண் தனக்குப் பழகிய வாலை வைத்துப் படித்துவிடும். பழகிய வால் எது? பெரும்பாலும் அனுமதிதான்.

இதற்கு நம்பகமான சோதனை சொல்லின் அகலம். ஒரே எழுத்துரு, ஒரே அளவில் அச்சாகியிருந்தால் 'வேண்டாம்' என்பது 'வேண்டும்' என்பதைவிட அகலமாக இருக்கும். 'டு' ஒரே வடிவமாகச் சேர்ந்து நிற்கும். 'டா' என்பதில் கால் தனியாக வலப்பக்கம் இடம் பிடிக்கும். தாளில் வேறொரு இடத்தில் தெளிவாக உள்ள 'வேண்டும்' ஒன்றைக் கண்டுபிடித்து, வெள்ளைத் தாளின் ஓரத்தில் அதன் தொடக்கத்தையும் முடிவையும் பென்சிலால் குறியுங்கள். அந்த ஓரத்தைச் சந்தேகமான சொல்லின் மேல் கொண்டுபோய் வைத்தால் நடுவில் எழுத்தே தெரியாவிட்டாலும் நீளம் சொல்லிவிடும். ஓர் எச்சரிக்கை: வரிகளை இரு ஓரமும் சமமாக இழுத்து அச்சிட்டிருந்தால் பொதுவாகச் சொற்களுக்கு இடையேயான வெளிதான் நீளும். ஆனால் சில தாள்களில் எழுத்துகளுக்கு இடையேயும் இழுத்திருப்பார்கள். அப்படி இழுத்தது தெரிந்தால் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். தடித்த எழுத்தையும் சாதாரண எழுத்தையும் ஒப்பிடவும் வேண்டாம்.

கிடைமட்ட மடிப்பு வரியின் மேல் பாதியில் ஓடினால் முதலில் போவது புள்ளி. செங்குத்து மடிப்பு எழுத்தின் ஒரு பக்கத்தைத் தின்னும். இது அளவைகளில் ஆபத்து. மில்லிகிராமை 'மி.கி.' என்றும் மைக்ரோகிராமை 'மை.கி.' என்றும் சுருக்கி அச்சிட்ட தாளில், மடிப்பு 'ம'வை உரசிக்கொண்டு போகிறது என்று வையுங்கள். சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. அதை 100 மில்லிகிராம் என்று படியெடுத்தால் ஆயிரம் மடங்கு. இங்கே பார்க்க வேண்டிய இடம் 'ம'வுக்கு இடப்பக்கம். ஐகாரக் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கும். இகரக் குறி பின்னால் வலப்பக்கம் வளையும். வலப்பக்கம் அழிந்திருந்தாலும் இடப்பக்கம் சுழி இருந்தால் அது 'மை'. இடப்பக்கம் அழிந்து வலப்பக்கம் சுத்தமாக எதுவும் இல்லாமல் இருந்தால் 'மி' அன்று என்பதாவது உறுதி. மேல்அட்டையிலும் அளவு அச்சாகியிருக்கும், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சேமிப்புப் பகுதியில் `30°C` என்று இருக்கும். அந்தச் சிறு வட்டத்தைச் சுழியமாக எண்ணி `300C` என்று அடிப்பது வெகு சாதாரணமாக நடக்கிறது. நம் தாளில் அந்த வட்டத்தின் மேலேயே மடிப்பு. குறியைத் தேடி விசைப்பலகையில் அலைய வேண்டாம். எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். `30 டிகிரி` என்று மாற்றி எழுதலாமா என்று கேட்பார்கள். என் கருத்து, வேண்டாம். அச்சில் உள்ளதை மாற்றத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

படிக்க முடியாததை எப்படி எழுதுவது

இப்போது அளவைச் சொல்லும் வரிக்கு வருவோம். 'பெரியவர்கள்: தேவைப்படும்போது ஒன்று அல்லது இரண்டு முறை அழுத்தி உள்ளிழுக்கவும். 24 மணி நேரத்தில் ... முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.' இடைவெளியில் இருக்கும் எண்ணின் இடப்பாதி செங்குத்து மடிப்பில் உதிர்ந்திருக்கிறது. வலப்பாதி இரண்டு வளைவுகள். 3 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம்.

முதலில் அதே தாளில் தெளிவான 3 ஒன்றையும் 8 ஒன்றையும் தேடி, வலப்பாதியை மட்டும் ஒப்பிட வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி இங்கேதான் தேவை. அதன் பிறகும் சந்தேகம் என்றால் ஆங்கிலப் பக்கத்தில் அதே வாக்கியத்தைக் கண்டுபிடித்து எண்ணை மட்டும் பாருங்கள். அங்கே 8 என்று தெளிவாக இருக்கிறது. அதை எழுதலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் சேர்த்து:

```
24 மணி நேரத்தில் 8 [மடிப்பு; எண் ஆங்கிலப்
பக்கத்தோடு ஒப்பிட்டது] முறைக்கு மேல்
பயன்படுத்தக் கூடாது.
```

ஆங்கிலப் பக்கமும் உதவாவிட்டால் `[மடிப்பு; எண் தெளிவில்லை: 3 அல்லது 8]` என்று எழுத வேண்டும். எதுவுமே தெரியாத இடத்தில் `[மடிப்பு; ஒரு சொல் தெளிவில்லை]`. இந்த மூன்று வகைக் குறிப்புகள் போதும். கேள்விக்குறி மட்டும் போட்டுவிட்டுப் போவது பயன்படாது. பல திரைவாசிப்பு மென்பொருள்கள் வழக்கமான அமைப்பில் அதை உச்சரிக்காமலே கடந்துவிடும். சதுர அடைப்புக்குறியும் அப்படித்தான் விழுங்கப்படலாம். அதனால்தான் குறிப்பின் முதல் சொல்லாக 'மடிப்பு' என்பதையே வைக்கிறோம். அடைப்புக்குறி காதில் விழாவிட்டாலும் சொல் விழும்.

'இரண்டு முறை, ஒரு நாளில் நான்கு தடவை, ஆக எட்டு' என்று கணக்குப் போட்டு எண்ணை நிரப்புகிறவர்கள் உண்டு. கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அது தாள் சொன்னது அன்று, நாம் ஊகித்தது. மருந்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இந்தச் சபலம் இன்னும் அதிகம். மருந்தாளுநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லதே. அப்போதும் குறிப்பில் 'மருந்தாளுநரிடம் கேட்டது' என்று எழுதுங்கள்.

தாளிலேயே அச்சுப்பிழை இருந்தால்? விட்டுவிடுங்கள். 'உள்ளிழுக்கவும்' என்பது 'உள்ளிளுக்கவும்' என்று அச்சாகியிருந்தால் அப்படியே எழுதி, பக்கத்தில் `[அச்சில் உள்ளபடி]` என்று சேர்த்தால் போதும். தாள் எதைச் சொன்னது, படியெடுத்தவர் எதை மாற்றினார் என்று கேட்பவருக்குச் சந்தேகமே வரக் கூடாது.

இரண்டு பேர் சேர்ந்து சரிபார்த்தல்

தானே தட்டச்சு செய்ததைத் தானே சரிபார்த்தால் கண் எழுதியதைப் படிக்காது, நினைத்ததைப் படிக்கும். ஒருவர் திரையில் உள்ளதை உரக்க வாசிக்க, மற்றவர் தாளில் விரல் வைத்துத் தொடர்வதுதான் சிறந்த வழி. வாசிப்பவர் குறிகளையும் சொல்ல வேண்டும்: 'தலைப்பு', 'பொட்டு', 'பொட்டு முடிந்தது'. பட்டியல் எங்கே மூடுகிறது என்பது இந்த உரக்கச் சொல்லலில்தான் பிடிபடும்.

பெரியவரின் மகளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள்.

"பொட்டு. சர்க்கரை நோய் இருந்தால். பொட்டு முடிந்தது. மருத்துவரிடம் தெரிவிக்கவும்."

"கொஞ்சம் நில்லுங்கள், அக்கா. அந்த வரி எனக்குத் தாளில் அகப்படவில்லை."

"வலது பத்தி, உச்சி வரி. மங்கலாக இருக்கும்."

"இருக்கிறது. 'தெரிவிக்கவும்' தெரிகிறது. மேலே சொல்லுங்கள்."

வாசிப்பு முடிந்ததும் எண்களுக்கென்று தனியாக ஒரு சுற்று. தாளில் உள்ள எண்களை மட்டும் வரிசையாக ஒருவர் சொல்ல, மற்றவர் திரையில் பார்க்கட்டும். எழுத்தால் எழுதிய எண்களும் இதில் சேரும். நம் தாளில் பயன்படுத்தும் முறை என்ற பகுதியில் 'ஐந்து நாட்களோ அதற்கு மேலோ பயன்படுத்தாமல் இருந்தால் முதலில் இரண்டு முறை காற்றில் அழுத்தி வெளியேற்றவும்' என்று ஒரு வரி இருக்கிறது. இலக்கங்களை மட்டும் தேடினால் இந்த ஐந்தும் இரண்டும் கண்ணில் படாமலே போய்விடும். கடைசியாக ஒவ்வொரு தலைப்பின் கீழும் தாளில் எத்தனை பொட்டு, படியில் எத்தனை பொட்டு என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்து, ஒவ்வொரு பட்டியலுக்கும் மூடும் வரி ஒன்று இருந்தால் வேலை பெரும்பாலும் சுத்தம்.

கோப்பின் தலையில் எழுத வேண்டியது

விளக்கத் தாளின் ஏதாவது ஒரு மூலையில், பெரும்பாலும் அடியில், எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறு குறியீடு அச்சாகியிருக்கும். சில தாள்களில் திருத்திய மாதமும் ஆண்டும் இருக்கும். பலர் இதை அச்சகத்தின் சொந்த விவகாரம் என்று விட்டுவிடுகிறார்கள். அது அந்தத் தாளின் பதிப்பைக் காட்டும் அடையாளம். படியின் முதல் வரிகளில் மருந்தின் பெயர், அளவு, இந்தக் குறியீடு, படியெடுத்த தேதி, தமிழ்ப் பக்கம் மட்டுமா இரண்டு பக்கமுமா என்பதை எழுதுங்கள். பெட்டியில் உள்ள தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இதில் சேர வேண்டாம். அவை அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியவை, அடுத்த மாதம் வாங்கும் பெட்டியில் மாறிவிடும்.

அடுத்த முறை சேலத்திலிருந்து புதிய இன்ஹேலர் வாங்கி மலைக்கு அனுப்பும்போது, மகள் பெட்டியைத் திறந்து அந்த மூலையை மட்டும் பார்த்தால் போதும். குறியீடு அதேதான் என்றால் பழைய படியே செல்லும். மாறியிருந்தால் எந்த வரி மாறியது என்று தேடிப் பழைய கோப்பில் ஒட்டுப்போடுவதைவிட, புதிய தாளை முதலிலிருந்து படியெடுத்து, பழைய கோப்பின் பெயரில் 'பழையது' என்று சேர்த்துத் தனியே எடுத்து வைப்பதுதான் நேரமும் மிச்சம், பாதுகாப்பும் அதிகம். பதிப்பு மாறும்போது பத்தி அமைப்பும் மடிப்பு விழும் இடங்களும் சேர்ந்தே மாறியிருக்கலாம். போன முறை தெளிவாக இருந்த வரி இந்த முறை கோட்டின் மேல் விழுந்திருக்கும்.